லா, லோ, மே: ஒரே "ஏலும்", மூன்று மனசு

சிங்கப்பூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிற நமது பிள்ளைகள் முதல் மாதத்திலேயே ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதுதான் "லா". லீவில் ஊருக்கு வந்தால் "ஓகே லா", "கம் லா", "வேர் லா" என்று எல்லா வசனத்துக்கும் அந்த வாலை ஒட்டித்தான் கதைக்கிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் ரசித்துச் சிரிப்பார்கள். மற்றப் பாதிப் பேர், "இங்கிலீஷ் படிக்க அனுப்பினால் இருந்த இங்கிலீஷையும் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்" என்பார்கள்.

என் பார்வையில் இரண்டு தரப்பும் ஒரே பிழையைத்தான் செய்கிறது. அந்தச் சின்னச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை, சும்மா ஒரு ஓசை என்று இரண்டு பேருமே நினைக்கிறார்கள். ஒருவர் அழகுக்கு ஒட்டுகிறார், மற்றவர் அழுக்கு என்று தள்ளுகிறார். ஆனால் சிங்கப்பூர்க்காரர் ஒருவரிடம் வசனத்தின் மற்றச் சொற்களையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மாறும். சம்மதம் என்பது சலிப்பாகிவிடும், கேள்வி என்பது குத்தலாகிவிடும்.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே போகும் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்தைப் படித்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் வேலையிடத்தில் ஒருவர் மனம் ஒப்பிச் சம்மதித்தாரா, வேறு வழியில்லாமல் தலையாட்டினாரா என்பதை அங்கே பல நேரம் இந்தக் கடைசி ஓரெழுத்துத்தான் சொல்கிறது. அதைக் கேட்கத் தெரியாதவர், நல்ல இங்கிலீஷ் தெரிந்தும் ஆளை விளங்காமல் நிற்பார்.

முதலில் ஒரு தெளிவு. நமது நாட்டில் "சிங்லிஷ்" என்றால் சிங்களத்தை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்வதுதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதையல்ல. சிங்கப்பூர் மக்கள் வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும் தங்களுக்குள் கதைக்கும் ஆங்கிலத்துக்கும் சிங்லிஷ் என்றுதான் பெயர். சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். ஆனால் வசனம் கட்டும் முறையிலும் ஓசையிலும் மலாய், ஹொக்கியன், கன்டோனீஸ் போன்ற மொழிகள் கலந்திருக்கின்றன. அந்த மொழிகளில் வசனத்தின் கடைசியில் ஒரு சிறு சொல்லை வைத்து மனநிலையைக் காட்டும் வழக்கம் உண்டு. அந்த வழக்கம் அப்படியே சிங்லிஷுக்குள் வந்துவிட்டது. இப்படிப்பட்ட சொற்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. நான் மூன்றை மட்டும் எடுக்கிறேன்: லா, லோ, மே. இரண்டாவதை எழுதும்போது கடைசியில் ஒரு "ர்" போடுவார்கள், ஆனால் வாயில் அது கேட்காது. அதனால் இங்கே "லோ" என்றே எழுதுகிறேன்.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சிங்லிஷில் "கேன்" என்ற ஒரு சொல்லே முழுப் பதில். "நாளைக்கு வர ஏலுமா?" என்று கேட்டால் "யெஸ், ஐ கேன்" என்று நீட்ட மாட்டார்கள். "கேன்" என்று மட்டும் சொல்வார்கள். முடியாவிட்டால் "கேனாட்". இது நமது "ஏலும்", "ஏலா" போலவேதான். ஆகவே "கேன்" வரும் இடமெல்லாம் "ஏலும்" என்று வைத்துப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது.

இப்போது ஒருவரிடம் "சனிக்கிழமை வர ஏலுமா?" என்று கேட்கிறீர்கள் என்று வைப்போம். மூன்று விதமாகப் பதில் வரலாம்.

"கேன் லா."
"கேன் லோ."
"கேன் மே?"

மூன்றிலும் உள்ள ஆங்கிலச் சொல் ஒன்றுதான். ஆனால் முதலாமவர் "ஏலும், இதுக்கெல்லாம் கேக்கணுமா" என்கிறார். இரண்டாமவர் "ஏலுந்தான், வேற என்ன செய்ற" என்கிறார். மூன்றாமவர் பதிலே சொல்லவில்லை. "என்னது, ஏலுமா? ஏலாதெண்டல்லவா நான் நினைச்சிருந்த" என்று திருப்பிக் கேட்கிறார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லா

லா எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் மூன்றிலும் விளக்கக் கடினமானது. அதன் அடிப்படை வேலை கேட்பவரைத் தன் பக்கம் இழுப்பது. "நான் சொல்றத ஏத்துக்கொள்ளுங்க, நமக்குள்ள இதுல பிரச்சினை இல்ல" என்ற ஒரு தள்ளுதலும் ஒரு நெருக்கமும் சேர்ந்து அதில் இருக்கிறது.

நமது பேச்சில் இதற்குக் கிட்ட வருவது "வாங்க" என்பதற்கும் "வாங்களேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசம். "வாங்க" என்பது அழைப்பு. "வாங்களேன்" என்பதில் அழைப்போடு ஒரு கெஞ்சலும் உரிமையும் இருக்கிறது. "கம் லா" என்பது பெரும்பாலும் அந்த "வாங்களேன்". மலாய் மொழியிலும் ஏவல் சொல்லோடு "லா" சேர்வது உண்டு. "டுடுக்" என்றால் உட்கார். "டுடுக்லா" என்றால் அந்தக் கட்டளை சற்று மென்மையாகிவிடும்.

ஆனால் லா எப்போதும் மென்மையானதல்ல. "டோண்ட் வொரி லா" என்று ஆறுதலும் சொல்லலாம், "ஃபாஸ்டர் லா!" என்று எரிச்சலும் படலாம். எழுத்தில் இரண்டும் ஒரே லா. காதில் ஒன்றல்ல. ஜோக் வோங் என்ற மொழியியலாளர் 2004 இல் வெளியான தமது ஆய்வில், குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்து லாவையே மூன்றாகப் பிரிக்கிறார். நமக்கு அந்தப் பகுப்பு முழுவதும் தேவையில்லை. ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: குரலைத் தாழ்த்தி வெட்டினாற்போல் சொன்னால் அது பெரும்பாலும் அழுத்தம், "இவ்வளவுதான், விடுங்க" என்ற பாவனை. குரல் சற்று மேலே எழுந்தால் அது சமாதானப்படுத்துவது, "இப்பிடித்தான் இருக்கும், பாருங்களேன்" என்ற பாவனை. வட்ஸ்அப்பில் இந்தக் குரல் வராது. அதனால்தான் எழுத்தில் வரும் லாவைச் சிங்கப்பூர்க்காரரே சில நேரம் பிழையாக விளங்கிக்கொள்கிறார்.

லாவுக்கு ஒரு தடையும் உண்டு. பதில் தெரியாமல் "ஆம், இல்லை" கேட்கும் கேள்வியில் அதை ஒட்ட முடியாது. "யூ கமிங் லா?" என்று யாராவது கேட்டால் அவர் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். காரணம் எளிது. லா என்பது "நான் சொல்றத ஏத்துக்கொள்ளுங்க" என்பது. கேள்வி கேட்பவர் இன்னும் ஒன்றையும் சொல்லவில்லையே, எதை ஏற்றுக்கொள்வது? அந்த இடத்துக்கு வேறு சொல் இருக்கிறது, "ஆ". "யூ கமிங் ஆ?" என்பதுதான் அங்குள்ள சாதாரணக் கேள்வி. நமக்கு அது புதிதே அல்ல. "வாறீங்களா" என்பதன் கடைசியில் நாம் வைக்கும் "ஆ"வும் காதுக்கு அப்படியேதான் கேட்கும்.

லோ

என் அனுபவத்தில் நமது ஆட்கள் அதிகம் தவறவிடுவது இந்த லோவைத்தான். காரணம், அதைச் சொல்பவர் "இல்லை" என்று சொல்வதில்லை. "ஓகே லோ", "கேன் லோ" என்றுதான் சொல்கிறார். கேட்பவர் "ஓகே", "கேன்" என்ற பகுதியைக் கேட்டுவிட்டுச் சந்தோசமாகப் போய்விடுகிறார்.

லோவின் அடிப்படை இது: "நிலைமை இப்படி இருக்கிறது, அதனால் இதுதான் முடிவு, இதில் நானோ நீங்களோ மாற்ற ஒன்றுமில்லை." குரல் ஏறாமல் இறங்காமல் நடு மட்டத்தில் நீளும். பஸ் போய்விட்டதா? "வாக் லோ." நமது பேச்சில் இதற்கு அச்சொட்டான வசனம் இருக்கிறது: "பஸ் இல்லாட்டி நடக்கிறதுதான்." அந்த "தான்" என்ன வேலை செய்கிறதோ அதையே லோ செய்கிறது. நடப்பதில் யாருக்கும் ஆசை இல்லை, ஆனால் வேறு வழியும் இல்லை.

"லைக் தட் லோ" என்பது சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கும் பதில். "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டால் "லைக் தட் லோ" என்பார்கள். நமது "இப்பிடியே போகுது" என்பதுதான் அது. முறைப்பாடும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. கதை சொல்லும்போதும் இது வரும்: "கடை பூட்டியிருந்தது, ஆகவே திரும்பி வந்தேன் லோ." வேறு என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்ற தொனி.

இதில் உள்ள ஆபத்து இரண்டு. ஒன்று, நாம் மேலே சொன்னது. "கேன் லோ" என்பதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. சொன்னவர் வாக்கை மீற மாட்டார், சனிக்கிழமை வருவார். ஆனால் உங்களுக்காக எதையோ விட்டுக்கொடுத்துத்தான் வருகிறார். அதை நீங்கள் கவனிக்கவே இல்லை என்றால் அடுத்த முறை அவர் மனம் இளகாது.

இரண்டாவது, நாமே அதைப் பிழையான இடத்தில் பாவிப்பது. ஒருவர் தன் கஷ்டத்தைச் சொல்லி, "என்ன செய்வது?" என்று கேட்கிறார். "கோ ஹோம் லோ" என்று பதில் சொன்னால், "வீட்ட போறதுதான், இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றாகிவிடும். அறிவுரை சரியாக இருக்கலாம். ஆனால் "உங்கட பிரச்சினை எனக்குப் பெரிசில்ல" என்று அவர் காதில் விழும். அதே இடத்தில் "கோ ஹோம் லா" என்றால், "வீட்ட போங்களேன், ரெஸ்ட் எடுங்களேன்" என்ற அக்கறை. ஓரெழுத்து மாறியதில் அக்கறை அலட்சியமாகிவிடுகிறது.

மே

மே ஒரு வசனத்தை அப்படியே கேள்வியாக்கிவிடும். ஆனால் அது சாதாரணக் கேள்வி அல்ல. அதற்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது: "நான் இதற்கு நேர் எதிராக நினைத்திருந்தேன்."

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மே முழுவதும் விளங்கும். "ஸ்பைஸி மே?" என்று ஒருவர் கேட்டால், அவருக்கு அது உறைப்பாகத் தெரியவில்லை. "கேனாட் மே?" என்று கேட்டால், ஏலும் என்றுதான் அவர் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தார். வசனம் "ஆம்" பக்கம் இருந்தால் கேட்பவர் மனசு "இல்லை" பக்கம். வசனம் "இல்லை" பக்கம் இருந்தால் மனசு "ஆம்" பக்கம்.

இன்னொரு அடையாளம் அதன் ஓசை. பாடசாலை ஆங்கிலத்தில் கேள்வியின் முடிவில் குரல் மேலே ஏற வேண்டும் என்று படிப்பிப்போம். மே அப்படி ஏறுவதில்லை. தொடங்கும்போதே உயரத்தில் தொடங்கி, அதே மட்டத்தில் நிற்கும். எங்கே, யார், எப்போது என்ற கேள்விகளோடு அது சேரவும் மாட்டாது. ஏனென்றால் அந்தக் கேள்விகளில் நம்பவோ சந்தேகப்படவோ ஒரு கூற்று இல்லை.

நமது தமிழில் இதற்கு ஈடான ஒரே வால் இல்லை. நாம் முன்னால் ஒரு சொல்லைப் போடுவோம்: "மெய்யாவா, ஏலுமா?" அல்லது "அப்ப ஏலுமா?" அந்த வேலையை மே தனியாகவே செய்துவிடுகிறது.

நமக்கு நேரடியாகப் பயன்படும் உதாரணம் ஒன்று சொல்கிறேன். சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடைகளில் ஹலால் சான்றிதழ் கொடுப்பது முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம். ஒரு கடைக்குப் போகிறீர்கள், சான்றிதழ் கண்ணில் படவில்லை, கேட்க வேண்டும். "திஸ் ஒன் ஹலால் ஆ?" என்று கேட்டால் அது நேர்மையான கேள்வி. "திஸ் ஒன் ஹலால் மே?" என்று கேட்டால், "இது ஹலாலா? எனக்கெண்டா அப்பிடித் தெரியல்லயே" என்றாகிவிடும். கடைக்காரர் முஸ்லிமாக இருந்தால் அவர் முகத்துக்கு நேரே அவரது சொல்லைச் சந்தேகப்பட்ட மாதிரி. ஹலால் பற்றிக் கேட்பது நமது கடமை, ஆனால் குற்றம் சாட்டும் தொனியில் கேட்பது கடமை அல்லவே.

இதே மே ஆளைச் சின்னதாக்கவும் பயன்படும். "யூ கேன் ட்ரைவ் மே?" என்று ஒருவர் உங்களைக் கேட்டால் இரண்டு அர்த்தம் இருக்கலாம். உண்மையாகவே அவருக்குத் தெரியாமல் இருந்து ஆச்சரியப்படலாம், அல்லது "உனக்கெல்லாம் வாகனம் ஓட்டத் தெரியுமா" என்று குத்தலாம். எது என்பதை முகமும் உறவும்தான் சொல்லும். நெருங்கிய நண்பரிடம் வேடிக்கை. மேலதிகாரியிடம் நீங்கள் சொன்னால் அடக்கமின்மை. ஆகவே புதிதாகப் போகிறவர் மேயை விளங்கிக்கொள்ளட்டும், ஆனால் கொஞ்ச நாளைக்குத் தன் வாயால் சொல்லாமல் இருப்பது நல்லது.

மூன்றும் சேர்ந்து வரும்போது

இனி மூன்றையும் ஒரே உரையாடலில் வைத்துப் பார்ப்போம். ஒரே இடத்தில் வேலை செய்யும் இரண்டு பேர். ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் வேலை முறையை மற்றவரிடம் மாற்றிக் கேட்கிறார். இது நான் விளக்கத்துக்காக எழுதியது.

முதலாமவர்: "சண்டே யூ ஹெல்ப் மீ, கேன்?"
இரண்டாமவர்: "யூ நாட் வொர்க்கிங் மே?"
முதலாமவர்: "மை மதர் கமிங் லா."
இரண்டாமவர்: "ஓ. தென் கேன் லோ."
முதலாமவர்: "யூ பிஸி, நெவர் மைண்ட் லா."
இரண்டாமவர்: "கேன் லா, கேன் லா."

சொற்களை மட்டும் பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை. வால்களைப் பாருங்கள்.

இரண்டாமவர் முதலில் மே போடுகிறார். "நீங்க ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வாறதெண்டுதான் நான் நினைச்சிருந்த" என்கிறார். மறுக்கவில்லை, ஆனால் காரணம் கேட்கிறார். முதலாமவர் லாவோடு பதில் சொல்கிறார். "உம்மா வாறாங்களே" என்ற தொனி. காரணத்தைச் சொல்வதோடு, "இத நீங்க விளங்கிக்கொள்ளுவீங்க" என்று அவரைத் தன் பக்கம் இழுக்கிறார்.

அடுத்தது "தென் கேன் லோ". இங்கேதான் காது வேண்டும். தாய் வருகிறார் என்றால் மறுக்க முடியாது, ஆகவே செய்கிறேன் என்கிறார். சம்மதம் நிலைமையில் இருந்து வருகிறது, மனசில் இருந்து வரவில்லை. நமது பிள்ளை ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால், "தேங்க் யூ!" என்று சொல்லிவிட்டுக் கதையை முடித்திருப்பார். இங்கே முதலாமவர் அப்படிச் செய்யவில்லை. லோ காதில் விழுந்ததும் ஒரு அடி பின்வாங்குகிறார்: உங்களுக்கு வேலை இருந்தால் பரவாயில்லை லா. மற்றவருக்கு வெளியே போக ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார்.

அந்த வாசல் திறந்த பிறகுதான் "கேன் லா, கேன் லா" வருகிறது. லோ லாவாக மாறிவிட்டது. "அட, ஏலும், ஏலும், அதப் பத்தி யோசிக்காதீங்க." இப்போது அவர் வேறு வழியில்லாமல் செய்யவில்லை, தானாக விரும்பிச் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதத்திலும் அவர் வேலைக்கு வந்திருப்பார். ஆனால் திங்கட்கிழமை இவர்கள் இரண்டு பேரும் எப்படி முகம் பார்ப்பார்கள் என்பது அந்த ஓரெழுத்து மாற்றத்தில் இருக்கிறது.

இதை "உடைந்த ஆங்கிலம்" என்று எப்படிச் சொல்வது? இதே மரியாதையைப் பாடப்புத்தக ஆங்கிலத்தில் காட்ட எத்தனை நீண்ட வசனம் தேவைப்படும் என்று எழுதிப் பாருங்கள்.

எங்கிருந்து வந்தன

லா எந்த மொழியில் இருந்து வந்தது என்பதில் ஒரு முடிவு இல்லை. மலாயிலும் இருக்கிறது, சீன மொழிகளிலும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று பலப்படுத்தியிருக்கலாம். லோவும் மேயும் கன்டோனீஸில் இருந்து, லாவுக்குப் பிந்திய காலத்தில் வந்தவை என்று லிசா லிம் என்ற மொழியியலாளர் வாதிடுகிறார். அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று ஓசை. மே உயர்ந்த மட்டத்தில் நிற்பது கன்டோனீஸில் அந்தச் சொல் நிற்கும் அதே மட்டம். சொல்லை மட்டும் எடுக்கவில்லை, அதன் ராகத்தையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள். பிழையாகக் கேட்டுப் பிழையாகச் சொன்னவர்கள் ராகம் மாறாமல் சொல்வார்களா?

அரசாங்கம் சொன்னதும் நான் சொல்வதும்

சிங்கப்பூர் அரசாங்கம் சிங்லிஷை விரும்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 1999 இல் அப்போதைய பிரதமர் கோ சோக் தோங் தமது தேசிய தினப் பேரணி உரையில், பிரபல தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் சிங்லிஷ் பேசும் கதாபாத்திரமான புவா சூ காங்கைப் பற்றிக் குறிப்பிட்டு, அவர் ஆங்கில வகுப்புக்குப் போகவேண்டும் என்ற அளவுக்குப் பேசினார். அடுத்த வருடம், 2000 இல், நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அதே 2000 இல்தான் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இணையப் பதிப்பில் லா என்ற சொல் இடம்பிடித்தது.

அரசாங்கத்தின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. சிங்லிஷ் மட்டுமே தெரிந்த பிள்ளை, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுத முடியாது, நேர்முகப் பரீட்சையில் தடுமாறும். சிங்கப்பூர் ஒரு வர்த்தக நாடு, அதற்கு அது பெரிய இழப்பு. அந்தக் கவலை நியாயமானது.

ஆனால் மருந்து பிழை என்று நினைக்கிறேன். லா சொல்கிறவனுக்கு எழுத்து ஆங்கிலம் வராமல் போவதற்குக் காரணம் லா அல்ல. எழுத்து ஆங்கிலத்தை அவனுக்குச் சரியாகப் படிப்பிக்காததுதான். நன்றாகப் படித்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர் கூட்டத்தில் அழகான ஆங்கிலத்தில் பேசிவிட்டு, வெளியே வந்து நண்பரிடம் "சோ லாங் லா" என்று பெருமூச்சு விடுவார். இரண்டுக்கும் இடையில் அவருக்கு ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறக்கவும் மூடவும் தெரியும். கதவு இல்லாத பிள்ளைக்குக் கதவைக் கட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு அறையை இடித்துவிடுவதால் கதவு வந்துவிடாது.

நாம் இதைச் சுலபமாக விளங்கிக்கொள்ள வேண்டியவர்கள். நமது பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழும் பரீட்சைத் தாளில் இன்னொரு தமிழும் எழுதுகிறார்கள். "ஏலுந்தான்" என்று யாரும் கட்டுரையில் எழுதுவதில்லை. அதற்காக "ஏலுந்தான்" பிழை என்று சொல்வோமா? ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு வகுப்பறை மொழி பற்றிப் படிப்பித்தபோது, பிள்ளையின் வீட்டுப் பேச்சைத் திருத்தாதீர்கள், அதன் பக்கத்தில் எழுத்து மொழியை வையுங்கள் என்றார்கள். சிங்லிஷுக்கும் அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

ஆகவே சிங்கப்பூர் போகிற நமது பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது. லாவை அழகுக்காக ஒட்டாதீர்கள், ஆறு மாதம் காதால் கேளுங்கள், வாய்க்குத் தானாக வரும். அதுவரை அலுவலகக் கடிதத்திலும் நேர்முகத்திலும் முதல் சந்திப்பிலும் இவை ஒன்றும் வேண்டாம். யாராவது "ஓகே லோ" என்று சொன்னால் நன்றி சொல்வதற்கு முன், "கஷ்டமெண்டா பரவாயில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாராவது "மே" போட்டால் கோபப்பட முன், அவர் இதற்கு முன்பு என்ன நினைத்திருந்தார் என்று யோசியுங்கள். விளக்கம் கொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

பெற்றோருக்கும் ஒன்று. லீவில் வந்த பிள்ளை லா போட்டுக் கதைத்தால் இங்கிலீஷ் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லிப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஒன்றும் கெடவில்லை. அது சரியில்லை என்றால், கவலைப்பட வேண்டியது அந்த மின்னஞ்சலைப் பற்றித்தான், லாவைப் பற்றி அல்ல.

சிங்கப்பூரில் இருக்கும் ஊர் ஆட்கள் சிலர் இதை வாசிப்பீர்கள். "லே", "ஹோ", "மா" என்று இன்னும் பல வால்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை நமது ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள் என்று கீழே எழுதுங்கள். முக்கியமாக அந்த "லே". ஒருவர் "நாட் நைஸ் லே" என்றால் நாம் ஊரில் அதை எப்படிச் சொல்லுவோம்?